பழைய விலையை இன்றைய ரூபாயில் பார்ப்பது எப்படி? ஆவின் நீல பாக்கெட்டை வைத்து ஒரு செய்முறை

அத்தை வீட்டு டிரங்குப் பெட்டியில் 2011ஆம் ஆண்டின் பால் அட்டை ஒன்று கிடைத்தது. ஆவின் நீல பாக்கெட், அக்டோபர் மாதம், லிட்டர் 17 ரூபாய் 75 காசு. "பதினேழே முக்காலுக்கு வாங்கின பாலுடா இது. இப்ப முப்பத்தேழு. ரெண்டு மடங்குக்கும் மேல ஏத்திட்டாங்க" என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. ஆனால் அதே காலத்தில் அரிசி, வாடகை, பஸ், கூலி எல்லாமே ஏறியிருக்கின்றன. மற்றவற்றோடு சேர்ந்து பாலும் ஏறியதா, மற்றவற்றைவிட அதிகமாக ஏறியதா என்பதுதான் தெரிய வேண்டியது.

ஒரு மணி நேர வேலை என்று நினைத்து உட்கார்ந்தேன். மூன்று வார இறுதிகள் போயின. ஒரு முறை 17 ரூபாய் என்று விடை வந்தது, இன்னொரு முறை 47, பிறகு 50, கடைசியில் 37. நான்குமே அரசு வெளியிட்ட எண்களை வைத்துப் போட்ட கணக்குகள்தான். எது ஏன் தவறாகப் போனது என்று புரிந்த பிறகு இதை எழுதுகிறேன். பால் இங்கே உதாரணம்தான். சோப்பு, பஸ் கட்டணம், பள்ளிக் கட்டணம், எதற்கும் இதே வரிசையில் போகலாம்.

செலவு அநேகமாக இல்லை. எண்கள் இலவசம். பழைய விலைக்கான சான்று கையில் இருந்தால் ஒரு மாலை போதும். இல்லாவிட்டால் அதைத் தேடுவதற்குத்தான் நாள் பிடிக்கும்.

## 1. எந்தப் பொருள், எந்த அளவு, யாருக்கான விலை என்று முதலில் எழுதுங்கள்

"பால் விலை" என்று எழுதினால் கணக்கு அங்கேயே கெட்டுவிடும். நான் எழுதிக்கொண்டது இது: ஆவின் நீல பாக்கெட், 3 சதவீதக் கொழுப்பு உள்ள சமன்படுத்திய பால், ஒரு லிட்டர், மாத அட்டைதாரருக்கான விலை.

கடைசி இரண்டு சொற்கள் முக்கியம். ஆவினில் அட்டை விலையும் கடை விலையும் வேறு. நீல பாக்கெட்டுக்கு 2021 மே மாதத்திலிருந்து அட்டைக்கு லிட்டர் 37, கடையில் 40. ஆரஞ்சு பாக்கெட்டில் இடைவெளி இன்னும் பெரிது. 2022 நவம்பரில் அதன் கடை விலை 48இலிருந்து 60 ஆனது, அட்டைதாரருக்கு 46 ரூபாயே தொடர்ந்தது. பழைய அட்டை விலையை இன்றைய கடை விலையோடு ஒப்பிட்டால், விலைவாசி கணக்கில் சேராத ஒரு உயர்வு உள்ளே நுழைந்துவிடும். நானும் முதலில் 40 என்றுதான் எழுதியிருந்தேன்.

பெயரும் விலையும் ஒன்றாக இருந்து, உள்ளே இருப்பது மாறியிருக்கலாம். ஆவின் பச்சை பாக்கெட்டில் கொழுப்பு 4.5 சதவீதம், லிட்டர் 44 ரூபாயாக இருந்தது. 2023இல் அதே 44 ரூபாய்க்கு ஊதா நிற டிலைட் வந்தது. அதில் கொழுப்பு 3.5 சதவீதம். பச்சைக்குப் பதிலாக ஊதா வாங்கத் தொடங்கிய வீட்டில், கணக்கு நோட்டைப் பார்த்தால் விலை ஏறவே இல்லை. தயிருக்கு உறை ஊற்றினால்தான் தெரியும். பிஸ்கட், சோப்பு, சிப்ஸ் வகையறாவில் இந்த மாற்றம் எடையில் நடக்கும். ஐந்து ரூபாய் பாக்கெட் ஐந்து ரூபாயாகவே நிற்கும், கிராம் குறைந்துகொண்டே போகும். எனவே எப்போதும் லிட்டருக்கு, கிலோவுக்கு, நூறு கிராமுக்கு என்று மாற்றிக்கொண்ட பிறகே தொடங்குங்கள். நான் நீல பாக்கெட்டைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமே அதன் தரம் மாறாமல் இருந்ததுதான்.

வீட்டுக்குக் கொண்டுவந்து போடுபவருக்குத் தனியாகக் காசு கொடுத்தால், இரண்டு பக்கமும் சேருங்கள், அல்லது இரண்டு பக்கமும் விடுங்கள்.

## 2. பழைய விலைக்குத் தாளில் உள்ள சான்று தேடுங்கள்

நினைவை நம்ப வேண்டாம். நினைவில் நிற்கும் விலைக்கு வருடம் இருக்காது. "அப்பல்லாம் பத்து ரூபாதான்" என்பதில் வரும் "அப்ப" ஐந்தாறு வருடங்கள் முன்னும் பின்னும் நகரும். ஐந்து வருடம் தவறினால் விடை முப்பது, நாற்பது சதவீதம் தவறலாம்.

முதலில் வீட்டுக்குள் தேடுங்கள். பால் அட்டை, மளிகைக் கடை பற்று நோட்டு, அம்மாவின் வரவு செலவு டைரி, பொருளின் பழைய உறை. அதிகபட்ச சில்லறை விலையும் தயாரித்த மாதமும் அச்சான உறை ஒன்று கிடைத்தால் அதைவிட நல்ல சான்று இல்லை.

அரசு நிர்ணயிக்கும் விலை என்றால் (பால், பஸ், மின்சாரம், ரேஷன்) உயர்வு அறிவித்த மறுநாள் செய்தித்தாளில் பழைய விலை, புதிய விலை இரண்டும் வந்திருக்கும். மாதம் தெரிந்தால் போதும், நூலகத்தில் பழைய இதழ்க் கட்டில் தேடிவிடலாம். சென்னையில் இருப்பவர்களுக்குக் கன்னிமாரா நூலகம் இருக்கிறது. அதுவும் கிடைக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். தமிழக அரசு அலுவலகங்களுக்கு மனுவில் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும், பதிலுக்கு 30 நாள் கெடு. "இந்த வருடத்திலிருந்து இந்த வருடம் வரை, விலை மாறிய ஒவ்வொரு தேதியும் அன்றைய விலையும்" என்று ஒரே கேள்வியாகக் கேளுங்கள். "பால் விலை விவரம்" என்று பொதுவாகக் கேட்டால் பதிலும் பொதுவாகவே வரும்.

நீல பாக்கெட்டின் அட்டை விலைக்கு எனக்குக் கிடைத்த வரிசை இது. 2011 நவம்பர் நடுவில் 17.75இலிருந்து 24. 2014 நவம்பர் 1 முதல் 34. 2019 ஆகஸ்டில் 40. 2021 மே 16 முதல் மூன்று ரூபாய் குறைந்து 37.

## 3. சரியான விலைவாசிக் குறியீட்டை எடுங்கள்

ஒரு குடும்பம் வழக்கமாக வாங்கும் பொருட்களையும் சேவைகளையும் ஒரு கூடையாக வைத்து, அந்தக் கூடையின் விலை மாதாமாதம் எப்படி மாறுகிறது என்று சொல்லும் எண்தான் குறியீடு. அடிப்படை ஆண்டில் கூடையின் விலை 100 என்று வைத்துக்கொள்வார்கள். குறியீடு 199 என்றால், அன்று 100 ரூபாயாக இருந்த கூடை இப்போது 199 ரூபாய்.

இந்தியாவில் ஒன்றுக்கு மேற்பட்ட குறியீடுகள் இருக்கின்றன, குழப்பம் அங்கிருந்துதான் வருகிறது. பத்து வருடங்களுக்கு மேல் பின்னே போவதென்றால் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீட்டை எடுங்கள். மத்திய அரசின் தொழிலாளர் பணியகம் வெளியிடுகிறது. திரையில் `CPI-IW` என்று இருக்கும், தளம் `labourbureau.gov.in`. மத்திய அரசு ஊழியர்களின் அகவிலைப்படியைக் கணக்கிடுவது இதை வைத்துத்தான். ஒரு மாதத்துக்கான எண் பெரும்பாலும் அடுத்த மாதக் கடைசியில் வரும், அதனால் "இன்றைய" விலை என்பது எப்போதும் ஒன்றிரண்டு மாதம் பழையதாகவே இருக்கும்.

செய்திகளில் ஒவ்வொரு மாதமும் 12ஆம் தேதி வாக்கில் "சில்லறைப் பணவீக்கம்" என்று படிப்பது வேறு குறியீடு. புள்ளியியல் அமைச்சகம் வெளியிடுவது. கிராமம், நகரம் இரண்டையும் சேர்த்தது என்பதால் அதன் கூடை இன்னும் பரந்தது. ஆனால் அந்த வரிசை 2011 ஜனவரியில்தான் தொடங்குகிறது. அதற்குப் பிந்தைய விலைகளுக்கு இரண்டில் எதையும் எடுக்கலாம். பாதி இதில், பாதி அதில் என்று மட்டும் கலக்கக் கூடாது.

இங்கே இரண்டு பொறிகள்.

எனக்கு 47 ரூபாய் என்ற விடை வந்தது வருமான வரித் துறையின் செலவுப் பணவீக்கக் குறியீட்டால். தேடினால் முதலில் வந்து நிற்பது அதுதான். வருடத்துக்கு ஒரே எண், அழகான பட்டியல், 2011-12க்கு 184, 2024-25க்கு 363. ஆசையாக இருக்கும். ஆனால் அது சொத்து விற்ற லாபத்துக்கு வரி கணக்கிடுவதற்காக உண்டாக்கியது. நகர்ப்புற விலைவாசி உயர்வில் 75 சதவீதத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும்படிதான் சட்டத்திலேயே இருக்கிறது. அதாவது உண்மையான உயர்வைவிட எப்போதும் குறைவாகவே காட்டும். வீட்டுப் பொருளுக்கு அதைத் தொடாதீர்கள்.

இரண்டாவது, "பால் விலையைப் பார்க்கிறோம், எனவே பால் பொருட்களுக்கான தனிக் குறியீட்டை எடுப்போம்" என்ற எண்ணம். நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் பாலைப் பாலால் வகுத்தால் கிடைப்பது, மற்ற பால்களோடு ஒப்பிட இந்தப் பால் எப்படி என்பதற்கான விடை. அத்தை கேட்டது, வாழ்க்கைச் செலவு மொத்தத்தோடு ஒப்பிட்டால் பால் எங்கே நிற்கிறது என்பதை. அதற்குப் பொதுக் குறியீடுதான் வேண்டும்.

## 4. அடிப்படை ஆண்டு மாறிய இடத்தில் ஒட்டுப்போடுங்கள்

இதுதான் பலரும் விழும் பள்ளம், நான் 17 ரூபாயில் விழுந்ததும் இங்கேதான்.

2011 நவம்பரில் குறியீடு 199. 2024 நவம்பரில் 144.5. எண்களை அப்படியே வைத்துக் கணக்குப் போட்டால் 2011இன் 24 ரூபாய் 2024இல் 17 ரூபாய்க்குச் சமம், அதாவது பதிமூன்று வருடத்தில் விலைவாசி குறைந்துவிட்டது என்று வரும். நடந்தது என்னவென்றால் 2020 செப்டம்பரிலிருந்து அடிப்படை ஆண்டை 2001இலிருந்து 2016க்கு மாற்றினார்கள். 2020 ஆகஸ்டில் 338 என்று நின்ற எண், செப்டம்பரில் 118.1 ஆனது. பொருட்களின் விலை விழவில்லை, அளக்கும் கோல் மாறியது.

மாற்றும்போது பணியகமே ஒரு இணைப்புக் காரணியையும் தருகிறது. 2016 வரிசை எண்ணை 2001 வரிசைக்குக் கொண்டுவர 2.88ஆல் பெருக்க வேண்டும். 118.1 பெருக்கல் 2.88 என்றால் 340. முந்தைய மாதத்தின் 338க்குப் பக்கத்தில் வந்துவிட்டது பாருங்கள். ஒட்டு சரியாக விழுந்ததா என்று பார்ப்பதற்கு இதுவே சோதனை. அடுத்தடுத்த இரண்டு மாதங்களுக்கு நடுவில் எண் ஒன்றிரண்டு சதவீதத்துக்கு மேல் தாவினால், ஒட்டு தவறு.

இன்னும் பின்னே போனால் 1982 வரிசை வரும். 2001 வரிசை எண்ணை 1982க்குக் கொண்டுபோக 4.63. உதாரணமாக 1995ஆம் ஆண்டின் சராசரிக் குறியீடு 1982 வரிசையில் சுமார் 306. அதை 4.63ஆல் வகுத்தால் 2001 வரிசையில் 66 சொச்சம். 2024 நவம்பரின் 144.5ஐ 2.88ஆல் பெருக்கினால் 416. ஆக 1995இன் பத்து ரூபாய், 2024 இறுதியில் ஏறக்குறைய 63 ரூபாய். எந்தப் பக்கம் பெருக்குவது, எந்தப் பக்கம் வகுப்பது என்று குழம்பினால் எல்லா எண்களையும் 2001 வரிசைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். புதியதைப் பெருக்கு, பழையதை வகு.

இரண்டு எச்சரிக்கைகள். ஊழியர் சங்கங்கள் அகவிலைப்படிக்காகச் சுற்றுக்கு விடும் பட்டியல்கள் கைக்கு எளிதாகக் கிடைக்கும். சிலவற்றில் 2.88ஆல் ஏற்கெனவே பெருக்கியிருப்பார்கள், ஏனென்றால் அகவிலைப்படிக் கணக்கு இன்னும் 2001 வரிசையிலேயே நடக்கிறது. 2024க்கு நேராக 400க்கு மேல் எண் இருந்தால் பெருக்கியாகிவிட்டது, மறுபடி பெருக்காதீர்கள். இரண்டாவது, சென்னை, மதுரை, கோவை என்று ஊர்வாரியான குறியீடுகளும் உண்டு. உள்ளூர் நிலவரத்துக்கு அவை நல்லவைதான். ஆனால் 2.88 அகில இந்திய எண்ணுக்கு மட்டுமே உரியது. ஒவ்வொரு ஊருக்கும் தனி இணைப்புக் காரணி இருக்கிறது, அதைத் தேடி எடுக்காமல் ஊர் எண்ணைத் தொடக் கூடாது.

## 5. கணக்கைப் போடுங்கள்

வாய்ப்பாடு ஒன்றே ஒன்றுதான். பழைய விலையை இன்றைய குறியீட்டால் பெருக்கி, பழைய குறியீட்டால் வகுக்க வேண்டும். 2011 நவம்பரின் 24 ரூபாயை எடுத்துக்கொள்வோம். விரிதாளில் இப்படி:

```
=24*(144.5*2.88)/199
```

விடை 50.19. அதாவது 2011 நவம்பரில் நீல பாக்கெட்டுக்கு லிட்டருக்குக் கொடுத்த 24 ரூபாய், 2024 நவம்பரின் ஐம்பது ரூபாய்க்குச் சமம். உண்மையில் கொடுப்பது 37.

இரண்டு பக்கமும் நவம்பர் என்பது தற்செயல் இல்லை. மழைக்காலத்தில் காய்கறி விலை ஏறி, தை, மாசியில் இறங்கும், கூடவே குறியீடும் அசையும். அதே மாதத்தோடு அதே மாதத்தை ஒப்பிட்டால் அந்த அசைவு பெரும்பாலும் கழிந்துவிடும். மாதம் தெரியாமல் வருடம் மட்டும் தெரிந்தால் பன்னிரண்டு மாதச் சராசரியை எடுங்கள்.

சரி, சதவீதமாகச் சொல்ல வேண்டுமா? 37ஐ 50.19ஆல் வகுங்கள், 0.737. ஆக, விலைவாசியைக் கழித்துப் பார்த்தால் பால் சுமார் 26 சதவீதம் மலிந்திருக்கிறது. இங்கே கழித்தல் போடாதீர்கள். பால் ஏறியது 54 சதவீதம், விலைவாசி ஏறியது 109 சதவீதம், எனவே பால் 55 சதவீதம் மலிவு என்று சொல்வது தவறு. எப்போதும் வகுத்தல்தான்.

வருடாந்தரப் பணவீக்க விகிதங்களைக் கூட்டுவதும் இதே வகைத் தவறு. வருடம் 6 சதவீதம் வீதம் 12 வருடம் என்றால் 72 சதவீதம் இல்லை. வட்டிக்கு வட்டி போல ஏறி, இரண்டு மடங்கைத் தொட்டுவிடும். குறியீட்டு எண்களை நேராக எடுத்தால் இந்தத் தொல்லையே வராது.

## 6. ஒரே ஒரு பழைய தேதியை நம்பாதீர்கள்

இதற்கு மேல் படிக்க நேரமில்லை என்பவர்களும் இந்தப் பகுதியை விட வேண்டாம். அத்தையின் அட்டை அக்டோபர் மாதத்தது. நான் கணக்குப் போட்டது நவம்பரின் விலைக்கு. நடுவில் விலை 17.75இலிருந்து 24க்குத் தாவியிருக்கிறது. அக்டோபருக்குப் போட்டுப் பார்த்தேன். குறியீடு 198.

```
=17.75*(144.5*2.88)/198
```

விடை 37.31. அதாவது இன்றைய 37 ரூபாயும் அன்றைய பதினேழே முக்காலும் கிட்டத்தட்ட ஒன்றேதான். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஒரே ஒரு மாதம் தள்ளினால், அதே பால் கால் பங்குக்கு மேல் மலிந்துவிட்டதாக வருகிறது. இரண்டுமே சரியான கணக்கு!

காரணம், அரசு நிர்ணயிக்கும் விலை மாதாமாதம் ஏறுவதில்லை. சில வருடங்கள் அசையாமல் நின்று, ஒரே நாளில் தாவும். விலைவாசியோ தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டிருக்கும். அதனால் விலை உயர்ந்த நாளில் பொருள் உச்சத்தில் இருக்கும், பிறகு அடுத்த உயர்வு வரை உள்ளுக்குள் கரைந்துகொண்டே வரும். எல்லா விலைகளையும் 2024 நவம்பர் ரூபாய்க்கு மாற்றினால் இது கண்ணுக்குத் தெரிகிறது:

| மாதம் | அட்டை விலை | 2024 நவம்பர் ரூபாயில் |
|---|---|---|
| 2011 அக்டோபர் | 17.75 | 37 |
| 2011 நவம்பர் (உயர்வுக்குப் பின்) | 24 | 50 |
| 2014 அக்டோபர் | 24 | 39 |
| 2014 நவம்பர் (உயர்வுக்குப் பின்) | 34 | 56 |
| 2019 ஆகஸ்ட் (உயர்வுக்கு முன்) | 34 | 44 |
| 2019 ஆகஸ்ட் (உயர்வுக்குப் பின்) | 40 | 52 |
| 2021 மே (குறைப்புக்குப் பின்) | 37 | 44 |
| 2024 நவம்பர் | 37 | 37 |

மூன்றாவது வரியைப் பாருங்கள். 2011 நவம்பரில் ஐம்பது ரூபாய்ப் பெறுமானத்தில் தொடங்கிய அதே 24 ரூபாய், மூன்று வருடத்தில் முப்பத்தொன்பதாகக் கரைந்திருக்கிறது. யாரும் விலையைக் குறைக்கவில்லை. ரம்பத்தின் பல்லைப் போல ஏறி இறங்கும் இந்த வரிசையில் எந்தப் பல்லின் நுனியை எடுக்கிறோம், எந்தப் பள்ளத்தை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும். மேடையில் பேசுகிறவர்கள் தங்களுக்கு வசதியான தேதியை எடுத்துக்கொள்வது இப்படித்தான். கணக்கு தவறு என்று அவர்களிடம் யாரும் சொல்ல முடியாது.

நேர்மையாக ஒப்பிட இரண்டு வழிகள். உயர்வு நடந்த நாட்களை மட்டும் ஒன்றோடொன்று ஒப்பிடலாம்: 50, 56, 52. அல்லது இரண்டு உயர்வுகளுக்கு நடுவிலான காலத்தின் தொடக்கத்தையும் முடிவையும் எடுத்து நடுவே ஒரு மதிப்பைப் பிடிக்கலாம். 2011 முதல் 2014 வரை சுமார் 45, 2014 முதல் 2019 வரை சுமார் 50, 2021 மே முதல் 2024 நவம்பர் வரை சுமார் 41. 2019 வரை பெரிய மாற்றமில்லை, ஆனால் 2021க்குப் பிறகு அட்டைதாரருக்கு நீல பாக்கெட் விலை மற்ற பொருட்களோடு சேர்ந்து ஓடவில்லை, பின்தங்கித்தான் வந்திருக்கிறது. அத்தையின் 17.75 ஒரு நீண்ட பள்ளத்தின் அடியில் இருந்த விலை. அதோடு ஒப்பிட்டும்கூட இன்றைய விலை மிஞ்சவில்லை.

சந்தையில் தினமும் மாறும் பொருளுக்கு, தக்காளி, வெங்காயம் போல, இதைவிடக் கவனம் வேண்டும். அங்கே ஒரு நாள் விலையை எடுக்கவே கூடாது. குறைந்தது ஒரு வருடச் சராசரி வேண்டும்.

## 7. கூலியை வைத்து ஒரு முறை சரிபாருங்கள்

விலைவாசிக் கணக்கு, பொருள் மற்ற பொருட்களோடு ஒப்பிட எப்படி என்று சொல்கிறது. வாங்குகிறவரின் கை எட்டுகிறதா என்பதைக் கூலிதான் சொல்லும். இதற்கு நூறு நாள் வேலையின் கூலி வசதியானது, ஏனென்றால் மாநிலவாரியாக ஒவ்வொரு வருடமும் அரசிதழில் வந்திருக்கிறது. தமிழ்நாட்டுக்கு 2011இல் நாள் கூலி 119 ரூபாய், 2024-25இல் 319.

2011 நவம்பரின் 24 ரூபாய் விலையில் ஒரு நாள் கூலிக்கு ஐந்து லிட்டர் நீல பாக்கெட் வந்தது. அதற்கு முந்தைய மாதம் 17.75இல் ஆறே முக்கால் லிட்டர். 2024இல் 37க்கு எட்டரை லிட்டருக்கு மேல். இது அறிவித்த கூலி, செய்த வேலையை அளந்து அதற்குக் குறைவாகப் பெற்றவர்கள் ஏராளம். உங்கள் வீட்டுக்குப் போடும்போது உங்கள் சம்பளத்தையே போடுங்கள். சம்பளம் விலைவாசி அளவுக்கு ஏறாத வீட்டில், மலிந்த பொருளும் பாரமாகத்தான் தெரியும். அந்த வீட்டாரிடம் குறியீட்டைக் காட்டி "உங்களுக்குத் தெரியவில்லை" என்று சொல்வது முறையல்ல.

குறியீட்டின் கூடையும் உங்கள் வீட்டுக் கூடையும் ஒன்றல்ல. 2016 வரிசையில் உணவுக்கும் பானங்களுக்கும் 39 சதவீதம் எடை கொடுத்திருக்கிறார்கள், 2001 வரிசையில் அது 46. வருமானத்தில் அறுபது சதவீதம் சாப்பாட்டுக்கே போகும் வீட்டுக்கும், பாதி வாடகைக்குப் போகும் வீட்டுக்கும் இந்த எண் ஒரே மாதிரி பொருந்தாது. ஆகவே விடையைக் காசு வரை எழுதாதீர்கள், முழு ரூபாயில் எழுதுங்கள். பழைய விலைக்கும் இன்றைய விலைக்கும் ஐந்து சதவீதத்துக்குள் வித்தியாசம் வந்தால் "மாற்றமில்லை" என்றே கொள்ளுங்கள்.

## 8. விடையோடு சேர்த்து எழுத வேண்டியவை

வெறும் "ஐம்பது ரூபாய்" என்று சொன்னால், கேட்பவர் வேறு குறியீட்டை எடுத்து வேறு விடை கொண்டுவருவார், வாக்குவாதம் முடியாது. பொருளின் அளவும் தரமும், எந்த விலை, எந்த மாதம், எந்தக் குறியீடு, இணைப்புக் காரணி, எந்த மாத ரூபாயில் சொல்கிறோம் என்பதெல்லாம் ஒரே பத்தியில் இருக்க வேண்டும். அத்தையின் அட்டைக்குப் பின்னால் நான் பென்சிலில் எழுதி வைத்தது இது:

"ஆவின் நீல பாக்கெட், 1 லிட்டர், அட்டை விலை. 2011 அக்டோபர் 17.75, குறியீடு 198 (2001 வரிசை). 2024 நவம்பர் 37, குறியீடு 144.5 (2016 வரிசை), காரணி 2.88. அன்றைய விலை 2024 நவம்பர் ரூபாயில் 37. மாற்றமில்லை. அடுத்த மாதமே விலை 24 ஆனது, அது இன்றைய ஐம்பதுக்குச் சமம்."